கையெழுத்தான நியமனத்தைத் திரும்பப் பெறும் கடிதம்: புதிதாக மனிதவளப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு

ஆளைத் தேர்ந்தெடுத்து, நியமனக் கடிதம் அனுப்பி, அவரும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். வேலையில் சேர இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அப்போது மேலிடத்திலிருந்து தகவல் வருகிறது: அடுத்த ஆண்டின் ஆள்சேர்ப்பு நிதியை வெட்டிவிட்டார்கள், புதிதாக யாரையும் எடுக்கவேண்டாம். இதை அந்த மனிதருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியவர் நீங்கள்.

இதற்கு மாதிரிக் கடிதங்கள் தேடினால் நிறையக் கிடைக்கும். அவற்றில் பல, வேலை தருகிறோம் என்று சொல்லி இன்னும் பதில் வராத ஒருவருக்கு எழுதியவை போலவே இருக்கும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடச் சிக்கலான ஒன்றை மட்டும். கையெழுத்தும் போட்டாகிவிட்டது, நம்மை நம்பிப் பழைய வேலையிலிருந்து விலகல் கடிதமும் கொடுத்தாகிவிட்டது என்ற நிலையில் இருப்பவருக்கு எப்படி எழுதுவது?

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனை நிலையத்தை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் தொடக்கநிலை, உயர்நிலை மாணவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் துணைப்பாட நிலையம் அது. முழுநேர ஆசிரியை ஒருவரை மாதம் 3,800 வெள்ளிச் சம்பளத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நவம்பர் 10ஆம் தேதி கையெழுத்திட்டார். மாதக் கடைசியில், இப்போது வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தார். அங்கே அவருக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. இங்கே சேரவேண்டிய நாள் ஜனவரி 2. டிசம்பர் 3ஆம் தேதி மாலை நிர்வாகக் குழு கூடி ஆள்சேர்ப்பு நிதியை நிறுத்திவிட்டது.

முதலில் கோப்பைத் திறந்து படியுங்கள்

எழுதத் தொடங்கும் முன் நியமனக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் முழுக்கப் படிக்கவேண்டும். நீங்கள் எழுதப்போவது எந்த வகைக் கடிதம் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்றால், நாம் நீட்டியதை நாமே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். பொதுவான ஒப்பந்தச் சட்டப்படி, அவர் ஏற்றுக்கொள்வதற்கு முன் நமது முடிவு அவரை எட்டிவிட்டால் போதும். அனுப்பினோம் என்பது கணக்கில் வராது, எட்டவேண்டும். 'வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்' என்று நாமே நாள் குறித்திருந்தால், அந்த நாளுக்கு முன் பின்வாங்குகிறோம் என்பதைக் கடிதத்தில் ஒப்புக்கொள்வது நாகரிகம்.

அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. அதன்பிறகு 'எங்கள் நியமனக் கடிதம் காலாவதியாகிறது' என்றெல்லாம் எழுதுவது தவறு. காலாவதியாக அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நாம் ஓர் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்குகிறோம்.

அடுத்து நிபந்தனைகளைப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு, வேலை அனுமதி கிடைப்பது ஆகியவற்றுக்கு உட்பட்டே இந்த நியமனம் என்று பல கடிதங்களில் இருக்கும். நிறுவனத்தின் நிதி நிலைக்கு உட்பட்டது என்று எழுதியிருப்பது அபூர்வம். அப்படி ஒரு வரி இல்லாதபோது வேறொரு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு வெளியேற நினைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பு இழுபறியாக இருக்கிறது என்பதைக் காரணமாக்கினால், அவருடைய நேர்மைமேல் நீங்களே ஒரு சந்தேகத்தை எழுதி வைத்ததாகிவிடும்.

சிங்கப்பூரில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மனிதவள அமைச்சின் விளக்கப்படி, குறித்த நாளில் ஒருவர் வேலைக்கு வந்த பிறகுதான் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் முதலாளி, ஊழியர் உறவு தொடங்குகிறது. வருவதற்கு முன் முறிந்துபோனால் அந்தச் சட்டத்தின் முன்னறிவிப்பு விதிகளைக் காட்ட முடியாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும். இதைக் கேட்டதும் சில முதலாளிகள் 'அப்படியானால் நமக்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதி அடைவார்கள். அது அவசரம். ஒப்பந்தத்தை முறித்ததற்காக இழப்பீடு கேட்டு அவர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி திறந்தேதான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் வாசகம் குழப்பமாக இருந்தால், கடிதம் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

தொகையை முடிவு செய்யாமல் எழுத உட்காராதீர்கள்

இத்தகைய கடிதங்கள் கெட்டுப்போவதற்கு மொழி காரணமாக இருப்பது குறைவு. கொடுப்பதற்கு எதையும் முடிவு செய்யாமல் எழுத உட்காருவதால்தான் கெடுகின்றன. கையில் ஒன்றுமில்லாதபோது, அந்த வெற்றிடத்தை வருத்தம் தெரிவிக்கும் வாக்கியங்களால் நிரப்பத் தோன்றும். ஆகவே முதலாளியிடம் போய், எவ்வளவு, எந்தத் தேதியில் என்ற இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நமது நிலையத்தின் ஒப்பந்தத்தில், தகுதிகாண் காலத்தில் இருதரப்புக்கும் ஒரு வார முன்னறிவிப்பு, நிரந்தரமான பிறகு ஒரு மாதம் என்று இருக்கிறது. ஒரு வாரச் சம்பளம் எவ்வளவு? 3,800ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் 876 வெள்ளி 92 காசு. கணக்காளர் இந்தத் தொகையைத்தான் முதலில் சொல்வார். ஒப்பந்தத்தின் எழுத்துப்படி பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் ஆசிரியையின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்குப் பறிபோனது ஒரு வாரச் சம்பளம் மட்டுமில்லை. டிசம்பர் 31க்குப் பிறகு பழைய வேலையும் இல்லை, புதிய வேலையும் இல்லை. துணைப்பாட நிலையங்கள் ஜனவரி வகுப்புகளுக்கான ஆசிரியர்களை ஆண்டு முடிவதற்குள் எடுத்துவிடும். டிசம்பரில் வேலை தேடத் தொடங்குபவருக்கு அடுத்த இடம் அமைய மாதக்கணக்கில் ஆகலாம். இதனால் நான் ஒரு மாதச் சம்பளத்துக்காக வாதாடச் சொல்வேன். முதலாளியிடம் பேசும்போது இரக்கத்தைக் காட்டிலும் கணக்கு எடுபடும். இரண்டு தொகைக்கும் வித்தியாசம் 3,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. ஒரு வழக்கறிஞர் கடிதம் வந்து அதற்குப் பதில் எழுதும் செலவையும் நேரத்தையும் இதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

நமக்காக அவர் செய்த செலவுகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனைக் கட்டணம், சான்றிதழ்களின் நகலுக்குச் சான்றொப்பம் வாங்கியது போன்றவை. சின்னத் தொகைகள்தான். ஆனால் இவற்றை அவரே கேட்டு வாங்கும்படி விட்டுவிட்டால் அதுதான் நெஞ்சில் நிற்கும். மத்திய சேம நிதி, வரி பற்றிக் கணக்காளரிடம் முன்னதாகவே பேசிவிட்டு, அவர் கைக்குக் கடைசியில் வரும் தொகையைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இதே கட்டத்தில் இன்னொன்று: வேலை விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். MyCareersFuture தளத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நிதி இல்லை என்று நீங்கள் எழுதிய அன்று மாலையே அவர் அதைப் பார்ப்பார். பிறகு உங்கள் கடிதத்தின் ஒரு வரியையும் நம்பமாட்டார். அதே காலத்தில் வேறு யாரையாவது எடுக்கிறீர்கள் என்றால், ஏன் இவருடைய இடம் மட்டும் போனது என்பதற்குக் கோப்பில் தேதியிட்ட ஒரு குறிப்பு வேண்டும். அவர் கருவுற்றிருப்பது தெரிந்ததாலோ, வயதாலோ, இனத்தாலோ எடுத்த முடிவுக்கு நிதிவெட்டு என்று பெயர் வைத்தால் அது பாகுபாடு. எவ்வளவு பரிவாக எழுதினாலும் அதை மறைக்க முடியாது. அவர் டாஃபெப் என்கிற முத்தரப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். அப்படிப்பட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட நீங்களும் சம்மதிக்கக்கூடாது.

அதே நாளில் தொலைபேசி

கடிதம் எழுதிச் சரிபார்த்து அனுப்ப மூன்று நாள் ஆகும் என்றால், அந்த மூன்று நாளும் அவருடையவை. நமது ஆசிரியை இன்னும் பழைய இடத்தில்தான் வேலை பார்க்கிறார். கொடுத்த விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அங்கே இருப்பவர்கள் சம்மதிக்கவேண்டும். அவருடைய இடத்துக்கு அவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். டிசம்பர் 4 காலையில் தெரிந்தால் அவரால் அன்றே தம் மேலாளரிடம் பேச முடியும், 10ஆம் தேதி தெரிந்தால் ஒருவேளை முடியாமல் போகும். கடிதத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த ஆறு நாளை அது ஈடுகட்டாது.

அழைக்க வேண்டியவர், அவரைத் தேர்ந்தெடுத்தவர். நிலைய முதல்வர் நேர்முகத்தில் இருந்தார் என்றால் அவர்தான் பேசவேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் குறுஞ்செய்தியாக அனுப்பவேண்டாம். வகுப்பு நேரத்திலும் அழைக்கவேண்டாம். எப்போது தனியாகப் பேச முடியும் என்று கேட்டு அழையுங்கள். பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

'டீச்சர், நல்ல செய்தி சொல்ல அழைக்கலை. ஜனவரியில நீங்க சேரவேண்டிய வேலையை எங்களால தர முடியலை. நேத்து நிர்வாகக் குழு ஆள்சேர்ப்பு நிதியை நிறுத்திட்டாங்க. முடிவு மாறாது. அதனாலதான் இன்னைக்கே சொல்றேன்.'

'நான் இங்க ரிசைன் பண்ணிட்டேனே சார்.'

'தெரியும் டீச்சர். அதனாலதான் காலையிலேயே அழைச்சேன். ஒரு மாசச் சம்பளம் 12ஆம் தேதிக்குள்ள உங்க கணக்குக்கு வந்துடும். இன்னைக்கு மத்தியானம் கடிதமும் அனுப்பிடுறோம், அங்க பேசும்போது அதைக் காட்டலாம்.'

அதற்குமேல் முதல்வர் பேச்சை வளர்க்கக்கூடாது. 'மார்ச்சில் பார்க்கலாம்', 'நான் தனியாக முயற்சி செய்கிறேன்' போன்ற வார்த்தைகள் அந்த நேரத்தில் வாயில் தானாக வரும். ஆனால் அதை நம்பி அவர் வேறு வேலை தேடாமல் இருந்துவிடலாம். பேசி முடித்ததும் நேரத்தையும் சொன்னவற்றையும் நாலு வரியில் எழுதிவையுங்கள். கடிதமும் அந்தப் பேச்சும் ஒத்துப்போகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் தமிழாசிரியர் வட்டம் சின்னது. புது ஆசிரியை வருகிறார் என்று பெற்றோர் குழுவில் அறிவித்திருந்தாலோ, ஜனவரி அட்டவணையில் பெயர் போட்டிருந்தாலோ, அதை மாற்றுவது தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான். வகுப்புக்கு வேறு ஆசிரியர் வருகிறாராமே என்று ஒரு பெற்றோர் அவரிடமே கேட்டு அவருக்கு விஷயம் தெரியவந்தால், பிறகு உங்கள் கடிதத்துக்கு மதிப்பு இராது.

கடிதம்

உங்கள் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் என்றால் இதே வரிசையை அங்கே வைத்துக்கொள்ளலாம். நமது நிலையம் ஆசிரியைக்குத் தமிழில் எழுதுகிறது.

> டிசம்பர் 4
>
> பொருள்: முழுநேரத் தமிழாசிரியர் பணி நியமனத்தைத் திரும்பப் பெறுதல்
>
> மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.
>
> இன்று காலை நிலைய முதல்வர் தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்துகிறேன். நவம்பர் 10ஆம் தேதி நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்ட முழுநேரத் தமிழாசிரியர் பணி நியமனத்தை எங்கள் நிலையம் திரும்பப் பெறுகிறது. ஜனவரி 2ஆம் தேதி நீங்கள் பணியில் சேரும் ஏற்பாடு இனி இல்லை.
>
> நேற்றுக் கூடிய நிர்வாகக் குழு, வரும் ஆண்டுக்கான ஆள்சேர்ப்பு நிதியை நிறுத்தியது. உங்களுக்கான பணியிடம் அதனால் நீக்கப்பட்டது. உங்கள் தகுதி, நீங்கள் நடத்திக் காட்டிய மாதிரி வகுப்பு, நீங்கள் கொடுத்த சான்றுகள் எதுவும் இந்த முடிவுக்குக் காரணம் அல்ல.
>
> எங்கள் நியமனத்தை நம்பி உங்கள் இப்போதைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை அறிவோம். இந்த முடிவு உங்களை இக்கட்டில் நிறுத்துகிறது. அதற்காக வருந்துகிறோம்.
>
> ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையான 3,800 வெள்ளியை டிசம்பர் 12ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவோம். இதைப் பெற நீங்கள் எதிலும் கையெழுத்திடத் தேவையில்லை. மருத்துவப் பரிசோதனைக்கும் சான்றொப்பத்துக்கும் நீங்கள் செலவழித்த தொகையை, ரசீதின் படத்தை அனுப்பினால் அதே நாளில் சேர்த்துத் தருவோம்.
>
> எந்தத் தேர்வுமுறையில் உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம். அதை நீங்கள் யாரிடமும் காட்டலாம். உங்கள் அடையாள அட்டை விவரம், சான்றிதழ் நகல்கள், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை டிசம்பர் 31ஆம் தேதிக்குள் அழித்துவிடுவோம். பணம் செலுத்தியதற்கான கணக்குப் பதிவை மட்டும் வைத்திருப்போம்.
>
> கேள்வி எதுவாக இருந்தாலும் கீழே உள்ள எனது நேரடி எண்ணில் அழையுங்கள். உங்கள் இப்போதைய மேலாளர் எங்களிடம் உறுதிசெய்துகொள்ள விரும்பினால் அவரும் அழைக்கலாம்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பதவி, தொலைபேசி எண்)

ஏன் இந்த வரிசை, ஏன் இந்தச் சொற்கள்

முதல் பத்தியிலேயே 'திரும்பப் பெறுகிறது' என்ற சொல் வந்துவிடுகிறது. உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி, எங்கள் நிலையத்தின்மேல் நீங்கள் காட்டிய ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது என்று தொடங்கும் கடிதத்தைப் படிப்பவர், வேலை உண்டா இல்லையா என்று மூன்றாம் பத்திவரை தேடவேண்டியிருக்கும். 'தற்சமயம் தொடர இயலாத நிலை', 'மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைப்பு' போன்றவை இன்னும் மோசம். ஒத்திவைப்பு என்று எழுதினால் ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஜனவரி 2 அன்று அவர் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? உண்மையிலேயே ஒத்திவைப்புத்தான் என்றால் புதிய தேதியை எழுதுங்கள். தேதி எழுத முடியவில்லை என்றால் அது ஒத்திவைப்பு இல்லை.

காரணத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். இரண்டு பள்ளிகளுடனான பயிலரங்க ஒப்பந்தம் கைவிட்டுப்போனது, வாடகை ஏறியது, மாணவர் எண்ணிக்கை குறைந்தது என்று நிர்வாகக் குழுவில் பேசியதையெல்லாம் எழுதத் தோன்றும். அது நிலையத்தின் உள்விவகாரம். கூடவே ஒவ்வொரு காரணமும் ஒரு விவாதத்தை அழைக்கும். வாடகை ஏறியது நவம்பரிலேயே தெரியாதா என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. யார், எப்போது, என்ன முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் உண்மையாக இருந்தால் சரி.

'எதுவும் இந்த முடிவுக்குக் காரணம் அல்ல' என்ற வாக்கியம் வேறு இரண்டு பேருக்காகவும் எழுதப்படுகிறது. விலகல் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் பழைய மேலாளர் ஒருவர். நேர்முகத்தில் 'ஏன் அந்த இடத்தில் சேரவில்லை?' என்று கேட்கப்போகும் அடுத்த முதலாளி இன்னொருவர். அதனால்தான் 'உங்கள் திறமைமேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு' என்பதுபோலப் பாராட்டி விடவில்லை. தகுதி, மாதிரி வகுப்பு, சான்றுகள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னால்தான், படிக்கும் மூன்றாம் மனிதருக்குச் சந்தேகம் தீரும்.

இணைத்த கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் நம்மிடம் ஒரு நாளும் வேலை பார்க்கவில்லை. எனவே பணிச் சான்றிதழ் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் நேர்முகம், எழுத்துத் தேர்வு, மாதிரி வகுப்பு ஆகியவற்றுக்குப் பிறகு இவரைத் தேர்ந்தெடுத்தோம், நிதிக் காரணத்தால் பணியிடம் நீக்கப்பட்டது என்று உண்மையை எழுதித் தரலாம். ஐந்து வரி போதும். ஒரு மாதச் சம்பளத்தைவிட இந்தத் தாள் அவருக்கு அதிகம் உதவக்கூடும்.

வருத்தம் தெரிவிக்கும் பத்தியில் வழக்கறிஞர் கை வைப்பார். 'ஒப்பந்தத்தை மீறியதற்கு மன்னிக்கவும்' என்று எழுதினால் அது மீறலை ஒப்புக்கொள்வதாகிவிடும், எடுத்துவிடுங்கள் என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அதற்காகப் பத்தியையே நீக்கவேண்டியதில்லை. நடந்ததைச் சொல்லி, அது அவரை எங்கே நிறுத்துகிறது என்று சொல்லி, வருந்துகிறோம் என்று முடிக்கலாம். 'உங்கள் புரிதலுக்கு நன்றி' என்பதை மட்டும் எழுதாதீர்கள். அவர் புரிந்துகொண்டார் என்று நாமாக முடிவுகட்டும் வாக்கியம் அது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

'கையெழுத்திடத் தேவையில்லை' என்பதை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். இந்தத் தொகையை வாங்கினால் வேறெந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கச் சில நிறுவனங்கள் விரும்பும். அது சட்டப்படி தவறில்லை. அப்படி வேண்டுமென்றால் வழக்கறிஞரை வைத்துத் தனி ஆவணமாகத் தயாரித்து, அதைப் படித்துக் கலந்துபேச அவருக்கு நாள் கொடுங்கள். செய்தி சொல்லும் கடிதத்துக்குள் அதை நுழைத்தால், கடைசித் தேதி போட்டு நெருக்குவதுபோல ஆகிவிடும். அதுவரை எழுதிய நல்ல வாக்கியங்களும் அதற்கான பூச்சாகத் தெரியும்.

ஆவணங்களை அழிப்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தோடு தொடர்புடையது. எந்தத் தேவைக்காக ஒரு தகவலை வாங்கினோமோ அந்தத் தேவை தீர்ந்து, சட்டத்துக்கோ கணக்குக்கோ அது வேண்டியதில்லை என்றால் வைத்திருக்கக்கூடாது. பணம் செலுத்திய பதிவை வரிக் கணக்குக்காக ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும். மருத்துவ அறிக்கைக்கு அப்படி ஒரு காரணம் இல்லை. கோரிக்கை ஏதாவது வரும்போல் தெரிந்தால் ஒப்பந்தம், கடிதப் போக்குவரத்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வேலை அனுமதியில் வருபவர் என்றால்

ஆசிரியை சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்று வைத்துத்தான் இதுவரை சொன்னேன். வேலை அனுமதி தேவைப்படுபவர் என்றால் அவசரம் இன்னும் கூடும்.

திருச்சியிலோ சென்னையிலோ இருப்பவருக்குக் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது என்று வைப்போம். பேச்சுவழக்கில் ஐபிஏ என்பது இதைத்தான். அது உங்கள் நிறுவனத்துக்காக, அந்த வேலைக்காகக் கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேறு முதலாளியிடம் போக முடியாது. புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். கடிதத்தில் இதைத் தெளிவாகச் சொல்லி, ஒப்புதலை எந்தத் தேதியில் ரத்துசெய்வீர்கள் என்று எழுதி, பயணம் செய்யவேண்டாம் என்று தனி வரியாகப் போடுங்கள். விமானச் சீட்டு வாங்கியிருந்தால் அதன் பணத்தைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஏற்கெனவே இங்கே வேறு நிறுவனத்தின் அனுமதியில் வேலை பார்ப்பவராக இருந்தால், வேலையோடு சேர்த்துத் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். கடைசி நாளுக்குப் பிறகு பழைய முதலாளி அவருடைய அனுமதியை ரத்துசெய்தாகவேண்டும். அதன்பிறகு குறுகிய கால வருகை அனுமதியில் சில வாரம்தான் இங்கே இருக்கலாம், பொதுவாக 30 நாள். குடும்பமும் அவருடைய அனுமதியைச் சார்ந்து இங்கே இருந்தால், பிள்ளையின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்த 30 நாளுக்குள் வந்துவிடும். இப்படிப்பட்டவருக்கு மாலைவரைகூடக் காத்திருக்காமல் தெரிவிக்கவேண்டும். விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறும் பேச்சு அன்றே நடந்தால்தான் பயன்.

அனுப்பிய பிறகு

கடிதம் மின்னஞ்சலில், கையெழுத்திட்ட பிரதியாக, தொலைபேசிப் பேச்சு நடந்த அதே நாளில் போகவேண்டும். அவருடைய சொந்த முகவரிக்கு அனுப்புங்கள். பழைய அலுவலக மின்னஞ்சலை விண்ணப்பத்தில் கொடுத்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பதில் கோபமாக வரலாம். வந்தால் அதற்கு நியாயம் சொல்லி எழுதவேண்டாம். கிடைத்தது, படித்தேன் என்று சொல்லி, அவர் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் கொடுங்கள். 'எனக்கு மூன்று மாதச் சம்பளம் வேண்டும்' என்று கேட்டால் தொலைபேசியிலேயே சரி என்றோ முடியாது என்றோ சொல்லாதீர்கள். எந்த நாளில் எழுத்தில் பதில் வரும் என்று சொல்லி, அந்த நாளில் கொடுத்துவிடுங்கள். பகுதிநேரமாக ஏதாவது உண்டா என்று கேட்டால், உண்மையிலேயே நிதி ஒதுக்கிய வகுப்பு இருந்தால் மட்டும் ஆம் என்று சொல்லலாம். ஆறுதலுக்காகச் சொன்ன 'பார்க்கிறோம்' அவரை இன்னொரு மாதம் காக்கவைக்கும்.

நிலையத்துக்குள் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: ஜனவரியில் புதிய நியமனம் இல்லை, வகுப்புகளை இப்போதிருக்கும் ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்வார்கள். பெயரையும் தொகையையும் பேசவேண்டாம். அவருக்காகத் திறந்த மின்னஞ்சல் கணக்கையும் அட்டவணையில் போட்ட பெயரையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

சில மாதத்தில் நிதி திரும்பக் கிடைத்தால், விளம்பரம் போடுவதற்கு முன் இவரை அழைத்துக் கேட்பது நல்லது. அதைக் கடிதத்தில் வாக்குறுதியாக எழுதாமல், உங்கள் நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். அழைப்பதற்கு அவருடைய தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினால், அழிப்பதற்கு முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள்.

டிசம்பர் 12 அன்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு இருந்துவிடாமல், பணம் போய்விட்டதா என்று வங்கிப் பதிவை நீங்களே பாருங்கள். போயிருந்தால் தொகையையும் பரிமாற்ற எண்ணையும் குறிப்பிட்டு அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். போகவில்லை என்றால் அவர் கேட்பதற்கு முன் நீங்கள் அழைத்து, எந்த நாளில் வரும் என்று சொல்லுங்கள்.